முகம் மாறுகிறதா, முகபாவம் மாறுகிறதா? சில கேள்விகள், சில பதில்கள்

சென்ற முறை டீப்ஃபேக் வீடியோக்களைப் பற்றி எழுதிய பிறகு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. ஒருவர் முகத்தை எடுத்து இன்னொருவருக்கு ஒட்டுவதையும், ஒருவர் முகத்தை இன்னொருவரின் பாவனைகளால் ஆட்டுவிப்பதையும் பலர் ஒன்றாகவே நினைக்கிறார்கள். சில கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

ஃபேஸ் ஸ்வாப், ரீஎனாக்ட்மென்ட் என்று இரண்டு பெயர் சொல்கிறார்கள். விளைவு ஒன்றுதானே? எதற்கு இரண்டு பெயர்?

விளைவு ஒன்றல்ல. வீடியோவில் எது முன்பே இருந்தது, எது வெளியிலிருந்து வந்தது என்று கேட்டால் வேறுபாடு தெரிந்துவிடும்.

2023 நவம்பரில் நடிகை ராஷ்மிகா மந்தனா லிஃப்ட்டுக்குள் நுழைவதுபோல ஒரு வீடியோ பரவியது நினைவிருக்கும். அந்த லிஃப்ட், உடை, உடம்பு, நடை, சிரிப்பு எல்லாமே வேறொரு பெண்ணுடையவை. அவர் தன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் தானே போட்டிருந்த வீடியோ அது. வெளியிலிருந்து வந்தது ராஷ்மிகாவின் முகம் மட்டும். இது ஸ்வாப். அசைவு அப்படியே இருக்கும், ஆள் மாறிவிடுவார்.

இன்னொன்று ரீஎனாக்ட்மென்ட், அதாவது ஆட்டுவித்தல். இதில் ஆள் மாறுவதில்லை. 2016இல் யூஸ்டஸ் தீஸ், மத்தியாஸ் நீஸ்னர் முதலிய ஆய்வாளர்கள் ‘ஃபேஸ்-டு-ஃபேஸ்’ என்ற முறையை வெளியிட்டார்கள். யூடியூபில் கிடைத்த அரசியல் தலைவர்களின் வீடியோவை எடுத்துக்கொண்டார்கள். சாதாரண வெப்கேமரா முன் ஒருவர் உட்கார்ந்து வாயைத் திறந்தார், புருவத்தை உயர்த்தினார். அந்த நொடியே திரையில் இருந்த தலைவரும் அதைச் செய்தார். முகம், முடி, கோட்டு, பின்னணி எல்லாம் தலைவருடையவை. தலையின் திருப்பம்கூட பழைய வீடியோவில் இருந்ததுதான். முகபாவம் மட்டும் கேமரா முன் இருந்தவருடையது. பொம்மலாட்டத்தில் பொம்மை மாறாமல் கயிற்றைப் பிடிக்கும் கை மாறுவதுபோல. பிறகு 2018இல் வந்த ‘டீப் வீடியோ போர்ட்ரெய்ட்ஸ்’ முறை தலைத்திருப்பம், கண்பார்வை, இமைப்பு ஆகியவற்றையும் கடத்தியது.

பாதிக்கப்படுவது யார் என்பதும் இதனால் மாறுகிறது. ஸ்வாப்பில் இரண்டு பேருக்கு அநியாயம் நடக்கிறது: முகத்துக்கு உரியவர், உடம்புக்கு உரியவர். ராஷ்மிகா வீடியோ பற்றிய பேச்சில் அந்த இரண்டாவது பெண்ணைப் பலரும் மறந்தேபோனார்கள். ஆட்டுவித்தலில் ஒருவர் சொல்லாததை அவர் வாயாலேயே சொல்ல வைக்கிறார்கள்.

ஆனால் ஸ்வாப்பிலும் ஒட்டிய முகம் சிரிக்கிறது, பேசுகிறது. அப்படியானால் அங்கேயும் முகபாவம் கடத்தப்படுகிறதுதானே?

நல்ல கேள்வி. உள்ளே நடப்பதைப் பார்த்தால் நீங்கள் சொல்வது ஒரு வகையில் சரி.

2017 இறுதியில் பரவிய முதல் டீப்ஃபேக் நிரல்கள் இப்படித்தான் வேலை செய்தன. இரண்டு பேரின் ஆயிரக்கணக்கான முகப்படங்களைக் கொடுப்பார்கள். படத்தைச் சுருக்கிக் குறிப்பாக மாற்றும் பகுதி, அதாவது என்கோடர், இருவருக்கும் பொது. அந்தக் குறிப்பிலிருந்து மறுபடி முகத்தை வரையும் டிகோடர் ஆளுக்கொன்று. பொது என்கோடர் இருவர் முகத்தையும் பார்ப்பதால், வாய் எவ்வளவு திறந்திருக்கிறது, தலை எந்தப் பக்கம், வெளிச்சம் எங்கிருந்து என்று இருவருக்கும் பொதுவானவற்றைக் குறித்துக்கொள்ளப் பழகுகிறது. அப்புறம் இரண்டாமவரின் படத்தை அனுப்பி, முதலாமவரின் டிகோடரால் வரையச் சொன்னால், இரண்டாமவரின் சிரிப்போடு முதலாமவரின் முகம் வரும்.

ஆக, முகத்தை வரையும் கட்டத்தில் முகபாவம் கடத்தப்படுவது உண்மை. ஆனால் வரைந்த முகத்தை எங்கே ஒட்டுகிறார்கள்? அந்தச் சிரிப்பு எந்த வீடியோவிலிருந்து வந்ததோ, அதே வீடியோவில், அதே இடத்தில். சிரிப்பு தன் வீட்டை விட்டு நகரவில்லை, முகம்தான் குடிவந்திருக்கிறது. ஆட்டுவித்தலில் சிரிப்பு ஒரு வீடியோவிலிருந்து கிளம்பி இன்னொன்றுக்குப் போகிறது. பிரிக்க வேண்டிய கோடு இதுதான்.

இந்தக் கருவிகள் சோர்ஸ், டார்கெட் என்று இரண்டு கோப்பு கேட்கின்றன. ஒரு பாடத்தைப் பார்த்துச் செய்தால் சரியாக வருகிறது, இன்னொன்றைப் பார்த்துச் செய்தால் தலைகீழாக வருகிறது. நான் எங்கே தப்பு செய்கிறேன்?

தப்பு உங்களுடையது இல்லை. இந்தத் துறையின் பெயர்வைப்பே அப்படி. ஸ்வாப் கருவிகளில் ‘சோர்ஸ்’ என்றால் பொதுவாக முகம் கொடுப்பவர். ஃபேஸ்-டு-ஃபேஸ் ஆய்வுக்கட்டுரையில் ‘சோர்ஸ்’ என்பது பாவனை கொடுக்கும் நடிகர். 2019இல் வந்த ‘ஃபர்ஸ்ட் ஆர்டர் மோஷன் மாடல்’ மறுபடி மாற்றி, அசையப்போகும் படத்தைச் ‘சோர்ஸ்’ என்றும் பாவனை கொடுக்கும் வீடியோவை ‘டிரைவிங்’ என்றும் சொன்னது. அந்தச் சொற்களை நம்பாதீர்கள். முகம் எந்தக் கோப்பில், அசைவு எந்தக் கோப்பில், பின்னணி எந்தக் கோப்பில் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஆரம்பியுங்கள்.

தாத்தாவின் பழைய போட்டோ ஒன்றுதான் இருக்கிறது. குடும்ப விழாவில் அவர் லேசாகச் சிரித்துத் தலையாட்டுவதுபோலக் காட்ட ஆசை. என் வீடியோவில் அவர் முகத்தை ஸ்வாப் செய்யலாமா?

செய்தால் நீங்கள்தான் தெரிவீர்கள். ஸ்வாப் புருவம், கண், மூக்கு, வாய் சுற்றிய பகுதியை மட்டுமே மாற்றும். உங்கள் முடி, காது, தலையின் வடிவம், சட்டை அப்படியே நிற்கும். தாத்தாவின் வழுக்கையும் நெற்றி விபூதியும் வராது. உங்களுக்குத் தேவை ஆட்டுவித்தல்: போட்டோ தாத்தாவுடையது, அசைவு உங்களுடையது. மேலே சொன்ன ஃபர்ஸ்ட் ஆர்டர் மோஷன் மாடல் இலவசமாகக் கிடைக்கிறது. கட்டளை இப்படி இருக்கும்:

```
python demo.py --config config/vox-256.yaml \
  --source_image thatha.png \
  --driving_video naan.mp4 \
  --checkpoint vox-cpk.pth.tar \
  --relative --adapt_scale
```

இதில் `--relative` என்பதை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் உங்கள் முகத்தின் புள்ளிகள் இருக்கும் இடத்துக்கே தாத்தாவின் முகத்தைக் கொண்டுபோய் நிறுத்தும். உங்கள் தாடை அகலமாக இருந்தால் தாத்தாவின் தாடையும் அகலமாகிவிடும். அது இருந்தால், முதல் பிரேமிலிருந்து நீங்கள் எவ்வளவு நகர்ந்தீர்கள் என்பதை மட்டும் எடுத்து, அந்த அளவை தாத்தாவின் முகத்தில் சேர்க்கும்.

இதிலிருந்தே அடுத்த நிபந்தனையும் வருகிறது. கணக்கு முதல் பிரேமிலிருந்து தொடங்குவதால், அந்த முதல் பிரேமில் நீங்கள் தாத்தாவின் போட்டோவில் இருப்பதுபோலவே இருக்க வேண்டும். அவர் வாய் மூடி நேராகப் பார்த்தால் நீங்களும் அப்படியே தொடங்குங்கள். நீங்கள் சிரித்தபடி தொடங்கிச் சிரிப்பை நிறுத்தினால், வாய் மூடியிருக்கும் தாத்தாவின் உதடு மேலும் சுருங்கி விகாரமாகிவிடும்.

போட்டோவையும் வீடியோவையும் முகம் நடுவில் வரும்படி சதுரமாக வெட்டிக்கொள்ளுங்கள். இந்த மாடல் தருவது 256க்கு 256 பிக்சல் படம். பெரிய திரையில் போட்டால் மங்கலாகத்தான் தெரியும்.

தலையை நிறையத் திருப்பவும் வேண்டாம். போட்டோவில் இல்லாத கன்னப்பக்கத்தை மாடல் ஊகித்து வரைகிறது. முகத்தோடு சேர்ந்து தோளும் பின்சுவரும் ரப்பர்போல இழுபடும். வாயைத் திறந்து சிரிக்காதீர்கள் என்பதையும் அழுத்திச் சொல்கிறேன். மூடிய வாய்க்குள் என்ன பல் இருந்தது என்று மாடலுக்குத் தெரியாது, வரிசையான ஏதோ ஒரு பல்லை வரைந்துவிடும். தாத்தாவுக்கு முன்பல்லில் இடைவெளி இருந்திருந்தால், பாட்டி அதைத்தான் முதலில் பார்ப்பார். உதடு மூடிய புன்னகை, ஒரு சின்னத் தலையசைப்பு, ஐந்தாறு விநாடி. அது போதும். காட்டும் முன் பாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஒரு தலைவரின் பேச்சில் வாயை மட்டும் மாற்றி வேறு மொழியில் பேச வைக்கிறார்களே, அது எந்த வகை?

ஆட்டுவித்தல் வகைதான், ஆனால் கயிற்றைப் பிடிப்பது இன்னொருவரின் முகமல்ல, ஒலி. 2020 பிப்ரவரியில் டெல்லி தேர்தலுக்கு முன் பாஜகவின் மனோஜ் திவாரி ஹரியான்வியிலும் ஆங்கிலத்திலும் பேசும் வீடியோக்கள் வாட்ஸ்அப்பில் வந்தன. அவர் முன்பே வேறொரு விஷயம் பற்றிப் பேசிய வீடியோவை எடுத்து, புதிய குரலுக்கு ஏற்ப உதட்டசைவை மட்டும் மாற்றியிருந்தார்கள். அவருடைய கட்சிக்காகவே செய்தது என்பதால் சிலர் அதைத் தவறென்று கருதவில்லை. எனக்கு அது ஏற்புடையதல்ல. அவருக்கு ஹரியான்வி பேசத் தெரியும் என்று நம்பிய வாக்காளரிடம் யாரும் உண்மையைச் சொல்லவில்லை.

அதே ஆண்டில் ஹைதராபாத் ஐஐஐடி ஆய்வாளர்கள் வெளியிட்ட ‘வேவ்-டு-லிப்’ இந்த வேலையைச் செய்யும் மாடல்தான். ஒவ்வொரு ஆளுக்கும் தனியாகப் பயிற்சி கொடுக்காமலே எந்த முகத்துக்கும் எந்த ஒலியையும் பொருத்தும்.

ஃபார்வர்டாக வரும் வீடியோ இதில் எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஸ்வாப் என்று சந்தேகம் வந்தால் முகத்தின் ஓரத்தைப் பாருங்கள். தாடை, காதோரம், நெற்றி முடி தொடங்கும் இடம். கை முகத்துக்குக் குறுக்கே போகும்போதும், முகம் பக்கவாட்டில் திரும்பும்போதும் ஒட்டு நழுவும். ராஷ்மிகா வீடியோவின் தொடக்கத்தில் அந்தப் பெண் உள்ளே நுழையும் ஒரு கணம் அவருடைய சொந்த முகமே தெரிந்தது. ஒரே போட்டோவை வைத்து ஸ்வாப் செய்யும் பிரபலமான மாடலான `inswapper_128` வரைவது 128க்கு 128 பிக்சல் முகம்தான். அதைப் பெரிதாக்கி மெருகேற்றுவதால் கழுத்தில் சுருக்கமும் மயிர்க்காலும் தெரியும்போது முகம் மட்டும் மாவு பூசியதுபோல வழுவழுவென்று இருக்கும்.

ஆட்டுவித்த வீடியோவில் ஓரத்தைத் தேடிப் பயனில்லை, முகமும் கழுத்தும் அதே ஆளுடையவை. அங்கே வாயைப் பாருங்கள். ‘ப’, ‘ம’ சொல்லும்போது உதடு முழுக்க மூட வேண்டும். மூடாமல் நழுவினால் சந்தேகப்படலாம். அழுத்திச் சொல்லும் சொல்லுக்குத் தலையும் கையும் துணை வருகிறதா என்றும் கவனியுங்கள். பழைய பேச்சுக்கு அசைந்த கை புதிய பேச்சுக்குப் பொருந்தாது.

மூல வீடியோவைத் தேடுவதும் வகைக்கு ஏற்ப மாறும். இரண்டிலும் ஒரு பிரேமை நிறுத்திப் படமாகத் தேடலாம். ஸ்வாப்பில் முகத்தை வெட்டிவிட்டு உடை, இடம் மட்டும் இருக்கும் பகுதியைக் கொடுங்கள், ஏனென்றால் முகம் உங்களைப் பிரபலத்தின் பக்கமே இழுத்துப்போகும். ஆட்டுவித்ததில் அந்த ஆளின் பெயரோடு, அதே சட்டையும் பின்னணியும் உள்ள பழைய பேட்டியைத் தேடுங்கள்.

வீடியோ அழைப்பில் தெரிந்தவர் முகத்தோடு பணம் கேட்டால்?

பக்கவாட்டில் திரும்பச் சொல்லலாம், விரித்த கையை முகத்துக்கு முன் மெதுவாக நகர்த்தச் சொல்லலாம். இரண்டு வகையும் அங்கே தடுமாறும். ஆனால் தடுமாறவில்லை என்பதால் உண்மை என்று முடிவு கட்டாதீர்கள், கருவிகள் மாதத்துக்கு மாதம் தேறுகின்றன. அழைப்பைத் துண்டித்துவிட்டு, உங்கள் போனில் முன்பே சேமித்திருக்கும் அவருடைய எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள்.