ஈமு பண்ணையில் முதலில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் எப்படிப் பணம் வந்தது?

"பெருந்துறைப் பக்கம் ஈமு பண்ணையில் ஆரம்பத்தில் சேர்ந்தவங்களுக்கு மாசாமாசம் சரியா பணம் வந்துச்சே, அப்புறம் ஏன் நின்னுச்சு?"

வந்தது பறவை சம்பாதித்த பணமல்ல, பின்னால் சேர்ந்தவர் கட்டிய டெபாசிட். ஈமு கறிக்கும் எண்ணெய்க்கும் இங்கே சொல்லும்படியான சந்தையே இல்லை. குஞ்சை வாங்கியவரும் அடுத்து சேர்ந்த முதலீட்டாளர்தான்.

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். ஒருவர் 1,50,000 ரூபாய் கட்டுகிறார். மாதம் 6,000, இரண்டு வருடம் கழித்து முதலும் திரும்ப வரும் என்கிறார்கள். அவருக்கு மொத்தம் 2,94,000 தர வேண்டும். ஏஜென்ட் கமிஷன் 10 சதவீதம் போனால் கையில் நிற்பது 1,35,000 தான். அதை வைத்தே 22 மாதம் மாதப் பணம் கொடுத்துவிடலாம். ஊரே நம்புவது அந்தக் காலத்தில்தான்.

முதல் 100 பேருக்கு விழும் துண்டை அடைக்க 118 பேர் வேண்டும். அந்த 118 பேரின் பணம் அப்போதே தீர்ந்துவிடுவதால் அவர்களுக்குத் தர 257 பேர், அடுத்து 560 பேர். நடத்துபவர் தனக்கென ஒரு ரூபாய்கூட எடுக்காவிட்டாலும் இதே கதிதான். சேரும் கூட்டம் குறைந்தாலே போதும், செக் திரும்பும். 2012-ல் ஈமு பண்ணைகள் விழுந்தபோது தீவனத்துக்குக்கூடப் பணமில்லாமல் பறவைகள் பட்டினி கிடந்தன.

சேருமுன் ஒன்றைக் கேளுங்கள்: புது டெபாசிட் இன்றே நின்றால், அடுத்த மாத 6,000 எந்த விற்பனையிலிருந்து வரும்? விற்ற பில்லைக் காட்டச் சொல்லுங்கள்.