தன்னைத்தானே கிண்டல் செய்துகொள்வது: கேள்வி பதில்

உளவியல் ஆலோசகராக வேலை செய்கிறேன். என்னிடம் வருபவர்களில் பலர் தங்களையே கிண்டல் செய்து நன்றாகச் சிரிக்கவைப்பவர்கள். அதைப் பற்றி மட்டும் கேளுங்கள். மருந்து பற்றிய கேள்விகளுக்குப் பதில் வராது.

புதுப்பதவி: எட்டுப் பேர் கொண்ட குழுவுக்குத் தலைவியாகியிருக்கிறேன். இறுக்கம் குறையட்டும் என்று கூட்டங்களில் “என்னை எதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள் என்று எனக்கே தெரியவில்லை” என்பேன். முதலில் சிரித்தார்கள். இப்போது குனிந்து குறிப்பேட்டைப் பார்க்கிறார்கள். ஏன்?

நீங்கள் சொன்னதும் அவர்கள் என்ன செய்ய முடியும் என்று யோசியுங்கள். சிரித்தால், தலைவிக்குத் தகுதியில்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். சிரிக்காவிட்டால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டது போலிருக்கும். “அப்படியெல்லாம் இல்லை மேடம்” என்றால் காக்கா பிடிப்பதாகப் பக்கத்தில் இருப்பவர் நினைப்பார். மிச்சம் இருப்பது குறிப்பேடுதான். முதல் தடவை “இவர் தலைக்கனம் இல்லாதவர்” என்று மட்டும் கேட்டது. நாலாவது தடவை “ஒருவேளை உண்மையோ?” என்று கேட்கிறது. அவர்களுடைய சம்பள உயர்வுக்குப் பரிந்துரைக்கப்போவது நீங்கள்தான் என்பதையும் மறக்காதீர்கள்.

அமெரிக்க உளவியலாளர் எலியட் ஆரன்சன் 1966இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. வினாடி வினாவில் கலந்துகொள்ளப்போகிற ஒருவரின் ஒலிப்பதிவை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒரு பதிவில் அவர் 92 சதவீதக் கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொல்வார். இன்னொன்றில் 30 சதவீதம்தான். சில பதிவுகளில் கடைசியில் காபியை மேலே கொட்டிக்கொள்வார். காபி கொட்டிய கெட்டிக்காரரை மாணவர்களுக்குக் கூடுதலாகப் பிடித்தது. சுமாரானவர் கொட்டியபோது அவர்மேல் இருந்த பிடித்தமும் குறைந்தது. கெட்டிக்காரர் கொட்டியது காபியைத்தான் என்பதைக் கவனியுங்கள். கேள்விக்குப் பதில் தெரியாமல் அவர் விழிக்கவில்லை. நீங்களோ உங்கள் வேலைத் தகுதியையே கொட்டுகிறீர்கள். அதுவும் அந்தத் தகுதியை அவர்கள் இன்னும் பார்த்து முடிக்காத முதல் மாதங்களில்.

ஆகவே கிண்டலை வேலைக்குப் பக்கத்துக்கு நகர்த்துங்கள். உங்கள் கையெழுத்து, நீங்கள் வழி தவறும் லட்சணம், எதுவானாலும் சரி. வேலையைத் தொட்டே ஆக வேண்டுமென்றால் நடந்து முடிந்து சரியாகிவிட்ட ஒரு தவறைச் சொல்லுங்கள். “போன வருடம் ஒரு அறிக்கையைத் தவறான குழுவுக்கு அனுப்பினேன், அவர்கள் திருத்தங்களோடு திருப்பி அனுப்பினார்கள்” என்றால் கேட்பவர் சிரித்துவிட்டு நகரலாம். உங்களைத் தேற்ற வேண்டிய வேலை அவருக்கு இல்லை. ஒரே வாக்கியம் போதும், பிறகு வேலைக்கு வாருங்கள். கெட்ட செய்தி சொல்லப்போகும் கூட்டத்தில் அந்த ஒரு வாக்கியமும் வேண்டாம்.

கணக்குப்புலி: ஒரு நாளைக்கு எத்தனை முறை வரை சொல்லலாம்?

எண்ணிக்கை கிடையாது. பத்து விஷயங்களைப் பற்றிப் பத்து முறை சொல்பவரைவிட, ஒரே விஷயத்தை மூன்று முறை சொல்பவரைத்தான் நான் கவனிப்பேன்.

மழைக்காகம்: எங்கள் நண்பன் தன்னை “தண்டம்” என்று சொல்லிச் சிரிக்கவைப்பான். நாங்களும் அப்படியே கூப்பிடுகிறோம். அவனுக்கும் பிடித்திருக்கிறது.

பிடித்திருக்கிறது என்று அவர் சொன்னாரா, நீங்கள் முடிவுசெய்தீர்களா? தன்னைச் சொல்லிக்கொள்ள அவருக்கு இருக்கும் உரிமை உங்களுக்குக் கைமாறவில்லை. அவர் சொல்லும்போது எங்கே நிறுத்துவது என்பது அவர் கையில் இருந்தது. இப்போது இல்லை. ஒரு வாரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள்.

மேடைப்பித்தன்: பல வருடங்களாக மேடையில் நகைச்சுவை செய்கிறேன். என் வழுக்கையை நானே சொல்லிவிட்டால் வேறு யாரும் சொல்ல முடியாது. இது எனக்குக் கவசம். நீங்கள் எல்லாவற்றையும் நோயாக்குகிறீர்கள்.

இல்லை ஐயா. கனடா உளவியலாளர் ராட் மார்ட்டினும் சகாக்களும் நகைச்சுவைப் பாணிகளை அளக்க 2003இல் வெளியிட்ட கேள்வித்தாளிலேயே இந்தப் பிரிவினை இருக்கிறது. தன் குறையை லேசாக எடுத்துக்கொள்பவர் வேறு. மற்றவர்கள் தன்னைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகத் தன்னை மிதித்துக் காட்டுபவர் வேறு. இரண்டாவது வகைதான் மனச்சோர்வோடும் பதற்றத்தோடும் சேர்ந்து காணப்படுகிறது. எது எதற்குக் காரணம் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. உங்கள் வழுக்கை முதல் வகை என்றே படுகிறது.

பழைய சைக்கிள்: குறுக்கிடுகிறேன். ஆஸ்திரேலிய மேடை நகைச்சுவைக் கலைஞர் ஹன்னா காட்ஸ்பி இதெல்லாமே தவறு என்று 2018லேயே ‘நானெட்’ நிகழ்ச்சியில் நிரூபித்துவிட்டாரே?

பாதி சரி. ஏற்கெனவே ஓரத்தில் நிறுத்தப்பட்டவர் பேச அனுமதி வாங்குவதற்காகத் தன்னை மட்டம் தட்டினால் அது பணிவல்ல, அவமானம் என்பதுதான் காட்ஸ்பியின் வாதம். எல்லோருக்கும் பொதுவான தடை அல்ல. உயரத்தில் இருப்பவர் குனிந்தால் அழகு. கீழே இருப்பவர் இன்னும் குனிந்தால், பார்க்கிறவருக்கே கூசும்.

மேடைப்பித்தன்: அப்படிப் பார்த்தால் ஓரத்தில் இருப்பவன் தன்னைப் பற்றிச் சிரிக்கவே கூடாதா? அதைச் சொல்ல நீங்கள் யார்? எங்களுக்கு ஒரு சோதனை உண்டு. கூட்டம் “அச்சச்சோ” என்றால் அந்த நகைச்சுவை செத்துவிட்டது. அன்றிரவே வெட்டிவிடுவோம்.

அந்த “அச்சச்சோ” பற்றிச் சொன்னது நான் எழுதியதைவிடத் தெளிவாக இருக்கிறது. கேட்பவர் சிரிப்பதை விட்டுவிட்டு உங்களைக் கவனித்துக்கொள்ளத் தொடங்கும் நொடி அது. ஆனால் மேடையில் வெட்ட ஒரு இரவு கிடைக்கிறது. வீட்டு வரவேற்பறையில் கிடைப்பதில்லை. கூடாது என்று நான் சொல்லவில்லை. சிரிப்பு நின்ற பிறகும் தொடர்கிறாரா என்று பார்க்கச் சொல்கிறேன்.

பழைய சைக்கிள்: மேடையில் சிரித்துவிட்டு வீட்டில் அழுபவர்கள்தானே அதிகம்?

மேடைப்பித்தன்: நான் வீட்டில் தூங்குவேன்.

இருவரும் தனியாகத் தொடருங்கள். காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாம் பெஞ்ச்: யாராவது பாராட்டினால் உடனே என்னைத் தாழ்த்தி ஏதாவது சொல்லிவிடுகிறேன். அடக்கம்தானே?

பாராட்டியவருக்கு ரசனை இல்லை என்று சொல்கிறீர்கள். முதலில் நன்றி சொல்லுங்கள், ஒரு மூச்சு விடுங்கள், அதற்குப் பிறகும் கிண்டல் வந்தால் வரட்டும்.

அரைத்தூக்கம்: என் தங்கை “நான் இல்லாவிட்டால் உங்களுக்குச் செலவு மிச்சம்” என்று சிரித்துக்கொண்டே சொல்கிறாள். கேட்டால் “சும்மா” என்கிறாள். இப்போதெல்லாம் அடிக்கடி சொல்கிறாள்.

இதை மற்றவற்றோடு சேர்க்காதீர்கள். “எனக்குச் சமைக்கத் தெரியாது” என்பது ஒரு குறையைப் பற்றியது. இது, தான் இருப்பதே சுமை என்கிறது. சிரிக்கவும் வேண்டாம், அந்த இடத்திலேயே திட்டவும் வேண்டாம். தனியாக இருக்கும்போது, “நீ இல்லாவிட்டால் என்று சொல்கிறாயே, உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?” என்று நேராகவே கேளுங்கள். அப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடாது. கேட்கத் தயங்குவதில்தான் ஆபத்து. ஆம் என்றால் தனியாக விடாதீர்கள், அன்றே மருத்துவரிடம் அழைத்துப்போங்கள். இல்லை என்றாலும், தூக்கம், சாப்பாடு, தோழிகள் எல்லாம் முன்போல இருக்கிறதா என்று பாருங்கள். மாறியிருந்தால் ஆலோசகரிடம் அழைத்துப்போங்கள்.

நாற்காலி: என்னை அலுவலகத்தில் எல்லோரும் கிண்டல் செய்கிறார்கள். நானும் சிரித்துச் சமாளிக்கிறேன். இதுவும் அந்த வகையா?

இல்லை. அது அவர்கள் செய்வது. உங்கள் சிரிப்பை ஆராய்வதற்கு முன் மேலதிகாரியிடம் பேசுங்கள்.

பச்சை மை: வாரத்துக்கு இவ்வளவு என்று ஒரு கணக்கு இருந்தால் சொல்லுங்களேன்?

கணக்குப்புலிக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

மழைக்காகம்: பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தேன். “என்னடா, கோபமா?” என்று கேட்கிறான்.

ஒரு வாரம் என்றேன், ஒரு மணி நேரம் அல்ல.