தேன் பாட்டில் லேபிளில் "சர்க்கரை நோய்க்கு நல்லது" என்று போடலாமா?

கேள்வி: குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டங்களில் பெட்டி வைத்துத் தேன் எடுக்கிறேன். "சுத்தமான ரப்பர் பூத்தேன். சர்க்கரை நோய்க்கு நல்லது, எடை குறையும்" என்று லேபிள் அடித்துவிட்டேன். உணவுப் பாதுகாப்பு அதிகாரி பார்த்தால் வம்பு வரும் என்கிறார் கடைக்காரர். உண்மையா? என்ன எழுதலாம்?

பதில்: கடைக்காரர் சொன்னது சரி. நோயைக் குணமாக்கும், தடுக்கும் என்று உணவுப் பொருளின் லேபிளில் சொல்ல, 2018-ம் ஆண்டின் விளம்பர, உரிமைகோரல் விதிமுறைகள் அனுமதிப்பதில்லை. தவறான விளம்பரத்துக்கு 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53-வது பிரிவில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

அதைவிடப் பெரிய சிக்கல் 1954-ம் ஆண்டின் மருந்து, மந்திர சிகிச்சை விளம்பரச் சட்டம். குணமாக்கும் என்று விளம்பரம் செய்யக் கூடாத நோய்களை அடுக்கும் அதன் அட்டவணையில் நீரிழிவும் உடல்பருமனும் இருக்கின்றன. லேபிளும் அங்கே விளம்பரம்தான். நோய் தீர்க்கும் என்று நீங்களே எழுதினால், தேனை மருந்தாகக் காட்டிவிட்டீர்கள் என்று வாதிட இடம் கொடுக்கிறீர்கள். முதல் முறையே ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை வரலாம். "பாட்டி வைத்தியத்தில் சர்க்கரைக்கு" என்று சுற்றி வளைத்தாலும் அர்த்தம் அதேதான். வாட்ஸ்அப்பில் அனுப்பும் விளம்பரத்திலும் அந்த வரி இருக்கக் கூடாது.

நீங்கள் கேட்காத ஒன்று: "ரப்பர் பூத்தேன்" என்பதும் இடறும். ரப்பர் தோட்டத் தேனின் பெரும்பகுதி பூவிலிருந்து வருவதில்லை. புதுத் தளிர் விடும்போது இலைக்காம்பின் நுனியில் சுரக்கும் இனிப்பைத்தான் தேனீ உறிஞ்சுகிறது. ஒரே மலரின் தேன் என்று போட, மொத்த மகரந்தத்தில் 45 சதவீதமாவது அந்தச் செடியுடையதாக இருக்க வேண்டும். இலையிலிருந்து வந்த தேனில் ரப்பர் மகரந்தம் அந்த அளவு இருப்பது சந்தேகம். ஆய்வக அறிக்கை கையில் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். பெரிய எழுத்தில் "தேன்" என்று மட்டும் போட்டு, மூலத்தைக் கீழே வாக்கியமாக எழுதுங்கள்:

"குலசேகரம் பகுதி ரப்பர் தோட்டங்களில், தளிர்ப் பருவத்தில், எங்கள் பெட்டித் தேனீக்கள் சேர்த்த தேன். இளமஞ்சள் நிறம், மென்மையான மணம், தித்திப்பு தூக்கல். உலர்ந்த கரண்டியால் எடுக்கவும். இறுக மூடி, வெயில் படாத இடத்தில் வைக்கவும், ஃப்ரிட்ஜ் வேண்டாம். உறைந்தால் கெட்டதல்ல, பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் நிறுத்தினால் இளகும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம்."

கடைசி வரி மருத்துவ உரிமைகோரல் ஆகாது, எச்சரிக்கைதான், தாராளமாகப் போடலாம். நிறமும் மணமும் உங்கள் தேனுக்குப் பொருந்துகிறதா என்று ருசி பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. மூடியைத் திறக்கும்போது நுரைத்துப் புளித்த வாடை வந்தால், லேபிள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தச் சரக்கை விற்காதீர்கள்.

தேன் பூச்சியிடமிருந்து வந்தாலும் சைவக் குறியான பச்சைப் புள்ளிதான் போட வேண்டும். விதியே விலக்கு தருகிறது. பழைய லேபிளில் அந்த இரண்டு வரியை மட்டும் மையால் அடித்துவிட்டு ஒட்டலாமா என்று யோசிப்பீர்கள். வேண்டாம், வெளிச்சத்தில் பிடித்தால் எழுத்து தெரியும். மொத்தமாகக் கழித்துவிட்டுப் புதிதாக அடியுங்கள்.