கூடுதல் டக்ட் வேலைக்கு மதிப்பிடுவது எப்படி: கேள்வி பதில்

அலுவலகக் கட்டடத்தில் ஒரு டக்டையும் அதன் கிளையையும் கூடுதலாகப் போடச் சொன்னோம். ஒப்பந்ததாரர் 121.6 சதுர மீட்டருக்கு, சதுர மீட்டர் 2,100 ரூபாய் வீதம் கேட்கிறார். ஒப்பந்தம் ஃபிடிக் 1999 சிவப்புப் புத்தகம். வரைபடமும் விலைப்பட்டியலும் அனுப்பியிருக்கிறேன். (சென்னை, தளப் பொறியாளர்)

முதலில் அளவைப் பார்ப்போம். 800×400 மி.மீ. டக்டின் சுற்றளவு 2.4 மீட்டர் என்பதால், 30 மீட்டர் நீளத்துக்கு 72 சதுர மீட்டர் வருகிறது. அடுத்து வரும் 1.2 மீட்டர் குறுகல் துண்டுக்கு இரு முனைகளின் சுற்றளவின் சராசரியான 2.1 மீட்டரால் நீளத்தைப் பெருக்கினால் 2.52 சதுர மீட்டர். கிளையாகச் செல்லும் 600×300 மி.மீ. டக்ட் 20 மீட்டருக்கு 36 சதுர மீட்டர். ஆக மொத்தம் 110.52. அதோடு பத்து சதவீதம் சேர்த்தால் அவருடைய 121.6 வந்துவிடுகிறது, அவர் தகட்டுக் கழிவைத்தான் அளவில் சேர்த்திருக்கிறார். உங்கள் ஒப்பந்தம் பொருத்தி முடித்த டக்டின் வெளிப் பரப்பையே அளக்கச் சொல்கிறது. ஆகவே கழிவும் மடிப்பும் அலகு விலைக்குள் அடங்கியவை.

அடுத்தது விலை. தகட்டின் தடிமன் பக்க அகலத்தைப் பொறுத்தது: ஐ.எஸ். 655-இன்படி 750 மி.மீ. வரை 0.63 மி.மீ., அதற்கு மேல் 1500 வரை 0.80 மி.மீ. தகடு. எனவே பெரிய டக்டும் குறுகல் துண்டும் சேர்ந்த 74.52 சதுர மீட்டருக்கு உங்கள் பட்டியலில் உள்ள 1,450 ரூபாயும், கிளையின் 36 சதுர மீட்டருக்கு 1,250 ரூபாயும் பொருந்தும். கூட்டினால் 1,53,054 ரூபாய்.

ஆனால் இதோடு நிறுத்தினால் ஒப்பந்ததாரருக்கு அநியாயம் செய்தவராவீர்கள். கிளையை, ஆட்கள் குடியேறிவிட்ட தளத்தில், ஃபால்ஸ் சீலிங்கைத் திறந்து இரவில் பொருத்தியிருக்கிறார். உட்பிரிவு 12.3, ஒத்த சூழ்நிலையில் செய்யப்படாத வேலைக்குப் புதிய விலை வேண்டும் என்கிறது. அந்த விலையும் பட்டியல் விலையிலிருந்தே பிறக்க வேண்டும். அவருடைய விலைப் பகுப்பில் 1,250-இல் கூலி 400 ரூபாய். இரவுக் குழுவின் தினப் பதிவேடு பகலில் முடிப்பதில் மூன்றில் இரண்டு பங்கே முடிந்ததாகக் காட்டுகிறது. இரவுக்கூலி தனியே உயர்த்தப்படாததால் கூலி 600 ஆகி, அலகு விலை 1,450 ஆகும். அதனால் 7,200 ரூபாய் கூடும். மொத்தம் 1,60,254. இன்சுலேஷனையும் காற்றோட்டத்தை மறுபடி சமன்செய்யும் வேலையையும் தனித்தனியே மதிப்பிடுங்கள்.

அளவு பத்து சதவீதம் தாண்டினாலே புது ரேட் கேட்கலாம் என்றுதானே 12.3 சொல்கிறது?

பாதி சரி. அது நான்கு நிபந்தனைகளில் ஒன்றுதான். அளவு மாற்றம் அந்த அலகு விலையோடு பெருகி ஏற்றுக்கொண்ட ஒப்பந்தத் தொகையில் 0.01 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். அதன் நேரடி விளைவாக ஓர் அலகின் செலவு ஒரு சதவீதத்துக்கு மேல் மாற வேண்டும். அது நிலையான விலை என்று ஒப்பந்தம் குறித்திருக்கவும் கூடாது. நான்கும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

எங்கள் தோஹா தளத்தில் டக்டைக் கிலோவில் அளக்கிறோம். உங்கள் கணக்கை அப்படியே போடலாமா?

கூடாது. உங்கள் ஒப்பந்தத்தின் அளவை விதியைப் பாருங்கள்.

வேலைக்குப் பன்னிரண்டு நாள் ஆனது. பன்னிரண்டு நாள் நீட்டிப்பு கேட்கிறார், கொடுக்கலாமா?

வேலை நடந்த நாட்களும் முடிவுத் தேதி தள்ளிப்போன நாட்களும் ஒன்றல்ல. உத்தரவு பிறந்த நாள் வரை வேலைத் திட்டத்தைப் புதுப்பித்து, அதில் இந்த வேலையைச் செருகி, சீலிங் மூடுவதை அதன் பின் வையுங்கள். அந்தப் பாதையில் எட்டு நாள் ஓய்வு, அதாவது முடிவுத் தேதியைத் தள்ளாமல் தாமதிக்கக்கூடிய இடைவெளி, இருந்தால் முடிவு நான்கு நாள்தான் நகரும். அந்த நான்கு நாளின் தள நிர்வாகச் செலவைத் தரும்போது, டக்டின் விலைக்குள் ஏற்கெனவே இருக்கும் மேல்செலவை இரண்டாம் முறை கொடுத்துவிடாதீர்கள்.

அந்த எட்டு நாள் ஓய்வு என்னுடையது, நான் வேகமாக வேலை செய்து சேர்த்தது. உங்கள் உத்தரவு அதைத் தின்றுவிட்டு இழப்பு இல்லை என்றால் எப்படி? (ஒப்பந்ததாரர் தரப்பு)

உங்கள் ஆதங்கத்தில் நியாயம் இருக்கிறது. ஆயினும் ஒப்பந்தம் வேறு சொல்லாத வரை, ஓய்வு முதலில் தேவைப்படும் வேலைக்கு உரியது என்பதே என் நிலை.

அப்படியானால் நாளை என் தகட்டு லாரி தாமதித்தால் அபராதம் எனக்குத்தானே?

ஆம், அந்த விளைவு கசப்பானதுதான். அதனால்தான் இதில் அறிஞர்கள் இன்றும் இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். ஓய்வு யாருக்கு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதாத வரை இந்த வழக்கு தீராது. நீங்கள் உட்பிரிவு 20.1-இன்படி 28 நாளுக்குள் அறிவிப்புக் கொடுத்தீர்களா? கொடுக்காவிட்டால் இந்த வாதத்துக்கே இடமில்லை.

சீலிங் மூடியாகிவிட்டது, அளக்கவில்லை. வரைபடத்தை வைத்து பில் போடலாமா?

இந்தக் கேள்வி மூன்றாவது முறையாக வருகிறது. இன்சுலேஷன் சுற்றுவதற்கு முன்பே இரு தரப்பும் சேர்ந்து அளந்து, அளவைப் புத்தகத்தில் அன்றே கையெழுத்திட வேண்டும். தவறிவிட்டீர்கள் என்பதால், ஆய்வுக் கதவுகளைத் திறந்து அளவைச் சோதியுங்கள். தளத்துக்கு வந்த தகட்டின் ரசீதுகளோடு ஒப்பிடுங்கள். நிரூபிக்க முடிந்த அளவுக்கு மட்டும் கையெழுத்திடுங்கள்.