காலைப் பனி: பொழுதா, பாதமா?

“‘ஏற்காட்டில் காலைப் பனி நனைத்தது’ என்று மகள் எழுதியிருக்கிறாள். இதில் காலை என்பது பொழுதா, பாதமா?”

‘ப்’ என்ற ஒற்றைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ‘கால் + ஐ’ என்றாலும் ‘ப்’ வரும், பொழுதைச் சொன்னாலும் வரும். வினையைப் பாருங்கள். நனைத்தது என்றால் எதை என்ற கேள்வி எழும். இங்கே நனைவதற்கு வேறு எதுவும் சொல்லப்படவில்லை, அதனால் பாதம்தான். ‘காலைப் பனி செருப்பை நனைத்தது’ என்றிருந்தால் செருப்பு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும், காலை பொழுதாகிவிடும்.

சந்தேகம் வந்தால் ‘கையை’, ‘மாலை’ இரண்டையும் மாற்றிப் போட்டு வாசிக்கச் சொல்லுங்கள். ‘கையைப் பனி நனைத்தது’ நிறைவாக நிற்கிறது. ‘மாலைப் பனி நனைத்தது’ எதையோ தேடுகிறது.

ஒன்று மட்டும் கவனம். முந்தின வரியில் செருப்பைப் பற்றிச் சொல்லியிருந்தால் இந்த வரியிலும் பொழுது என்றே கொள்ளலாம். அப்புறம், பாதத்தைத்தான் சொல்கிறாள் என்றால் ‘பனி காலை நனைத்தது’ என்று மாற்றி எழுதட்டும், குழப்பம் குறையும்.