மெதுவாக விற்கும் உதிரிபாகங்கள்: தேவையை முன்கணிப்பது பற்றிய கேள்வி பதில்

மன்னார்குடி, பம்புசெட் கடைக்காரர்: ஐயா, ஒரு வகை இம்பெல்லர் ஐந்து மாதத்துக்கு ஒருமுறை நான்கு போகிறது, நடுவில் ஒன்றும் இல்லை. மூன்று மாத நகரும் சராசரி ஏன் பொருந்தவில்லை?

விற்பனை நடந்த மாதத்தை அடுத்த மூன்று மாதங்களுக்கு அந்தச் சராசரி 1.33 என்று சொல்லும். பிறகு இரண்டு மாதங்களுக்குப் பூஜ்யம் என்று சொல்லும். அடுத்த நான்கும் கேட்கப்படுவது அந்த இரண்டாவது மாதத்தில்தான். அடுக்குக்குறிச் சீராக்கம் இந்தக் குறையைத் தணிக்குமே தவிர, நீக்காது. புதிய மாதத்துக்கு 0.2 பங்கும் பழைய கணிப்புக்கு 0.8 பங்கும் கொடுத்து நெடுநாள் ஓட்டினால், விற்ற உடனே கணிப்பு 1.19 ஆகவும், அடுத்த விற்பனைக்குச் சற்று முன் 0.49 ஆகவும் நிற்கும். உண்மையான மாதச் சராசரியோ 0.8. சரக்கு விற்றதும் கணக்கைப் பார்த்து ஆர்டர் போடுவது நம் வழக்கமாதலால், மிகையான எண்ணே எப்போதும் நம் கண்ணில் படுகிறது.

1972இல் குரோஸ்டன் காட்டிய வழி, விற்ற எண்ணிக்கையையும் விற்பனைகளுக்கு இடைப்பட்ட காலத்தையும் தனித்தனியே சீராக்கி, முன்னதைப் பின்னதால் வகுப்பது. உங்கள் இம்பெல்லருக்கு அது நான்கை ஐந்தால் வகுத்து, எந்த மாதத்திலும் 0.8 என்றே சொல்லும். இடைவெளி ஒழுங்கின்றி மாறும் பொருள்களில் மட்டும் இந்த விடை சற்றுக் கூடுதலாக வருமென்பதால், பங்கு 0.2 என்று வைத்திருந்தால் அங்கே அதை 0.9ஆல் பெருக்குங்கள்.

கும்பகோணம், கணக்காளர்: பன்னிரண்டு மாதச் சராசரி எடுத்தால் இந்தச் சிக்கலே இல்லையே?

பாதி சரி. ஏற்ற இறக்கம் 0.67க்கும் 1க்கும் இடையில் அடங்கிவிடும். ஆனால் அந்த மாடல் பம்பு வழக்கொழிந்த பின்னும், சராசரி ஓராண்டு வரை வாங்கச் சொல்லிக்கொண்டிருக்கும்.

திருவாரூர், அறுவடை இயந்திர உரிமையாளர்: கட்டர் பிளேடு அறுவடையில் மட்டும்தான் தேவைப்படுகிறது. குரோஸ்டன் முறையைப் போடலாமா?

வேண்டாம். உங்களுடையது பருவத் தேவை. குறுவையைச் சென்ற குறுவையோடும், சம்பாவைச் சென்ற சம்பாவோடும் ஒப்பிடுங்கள். மேட்டூர் தண்ணீர் தாமதித்த ஆண்டு என்றால் அதைத் தனியாகக் குறித்துவையுங்கள்.

பட்டுக்கோட்டை: 0.2க்குப் பதில் 0.5 வைக்கலாமா?

மெதுவாக விற்கும் பொருளுக்குக் கூடாது. 0.05 முதல் 0.2 வரை போதும்.

நாகப்பட்டினம்: எந்தப் பங்கு சிறந்தது, 0.1ஆ, 0.3ஆ?

மேலே பட்டுக்கோட்டை நண்பருக்குச் சொன்னதேதான். அதைவிட முக்கியமானது வேறு: கேட்டவருக்குச் சரக்கு இல்லையென்று அனுப்பிய மாதத்தைப் பூஜ்யம் என்று எழுதாதீர்கள். அந்தப் பிழையை எந்தச் சூத்திரமும் திருத்தாது.

கும்பகோணம், கணக்காளர்: வழக்கொழிந்த மாடலைக் காட்டி என் சராசரியைக் குறை சொன்னீர்கள். குரோஸ்டன் முறை மட்டும் அதைக் கண்டுகொள்ளுமா?

கண்டுகொள்ளாது, இதில் உங்கள் சராசரியே மேல். விற்பனை நடந்த மாதத்தில் மட்டுமே அம்முறை தன் எண்ணைப் புதுப்பிக்கும். ஆகவே பொருள் அடியோடு நின்றுபோனாலும் 0.8 என்றே நிற்கும். 2011இல் வந்த டியூண்டர், சின்டெட்டோஸ், பாபாய் முறை, விற்பனை நடக்கும் வாய்ப்பையே ஒவ்வொரு மாதமும் சீராக்குவதால், பூஜ்ய மாதங்கள் தொடரத் தொடரக் கணிப்பும் இறங்கிவரும்.

மன்னார்குடி, பம்புசெட் கடைக்காரர்: எத்தனை பூஜ்ய மாதங்களுக்குப் பிறகு வாங்குவதை நிறுத்துவது?

இதற்குப் பொதுவான எண் ஒன்றை என்னால் தர இயலாது. அந்த மாடல் பம்பு உங்கள் சுற்றுவட்டாரத்தில் இன்னும் எத்தனை வயலில் ஓடுகிறது என்பதை மெக்கானிக்குகளிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.