மருத்துவச் சான்றிதழை ஸ்கேன் செய்து அனுப்பும்போது கோப்புக்கு என்ன பெயர், மெயிலில் என்ன வரிகள்?

கேள்வி: லீவுக்கான மெடிக்கல் சர்டிபிகேட்டை மெயிலில் அனுப்பினால், சில வாரம் கழித்து "ஃபைலில் இல்லை, திரும்ப அனுப்புங்கள்" என்கிறார்கள். கோப்புக்கு எப்படிப் பெயர் வைப்பது, மெயிலில் என்ன எழுதுவது?

பதில்:

அலுவலகத்தில் உங்கள் மெயிலைப் பெறுபவர் பெரும்பாலும் இணைப்பை மட்டும் இறக்கி ஒரு ஃபோல்டரில் போட்டுவிடுவார். அந்த நொடியிலேயே மெயிலும் கோப்பும் பிரிந்துவிடுகின்றன. மெயிலில் நீங்கள் எழுதிய விளக்கம் எதுவும் கோப்போடு போகாது. அங்கே ஏற்கெனவே நாலு பேருடைய `scan0001.pdf` கிடந்தால், உங்களுடையது `scan0001(4).pdf` ஆகிவிடும். பிறகு தேடினால் எப்படிக் கிடைக்கும்? அதனால் மெயில் இல்லாமலேயே யாருடையது, என்ன ஆவணம், எந்த நாட்களுக்கானது என்பதைக் கோப்பின் பெயர் சொல்லிவிட வேண்டும்.

பணியாளர் எண் 4172, பெயர் கவிதா, 2025 மார்ச் 10 முதல் 14 வரை விடுப்பு என்று வைத்துக்கொள்வோம்.

```
4172_Kavitha-R_MC_2025-03-10_2025-03-14.pdf
```

பணியாளர் எண் முதலில் வருவதால் ஒருவருடைய கோப்புகள் எல்லாம் அடுத்தடுத்து நிற்கும். தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் பெயர்வரிசையே காலவரிசையாகவும் அமையும். `03-04-2025` என்று எழுதினால் அது ஏப்ரல் 3-ஆ, மார்ச் 4-ஆ என்ற குழப்பம் வரும். சாய்கோடு போடவே முடியாது. விண்டோஸில் கோப்புப் பெயருக்குள் `/`, `:`, `?` போன்ற குறிகளுக்கு இடமில்லை. தமிழில் பெயர் வைத்தால் பழைய மென்பொருள் சிலவற்றில் எழுத்து சிதையும் என்பதால் இங்கே மட்டும் ஆங்கில எழுத்தே பத்திரம்.

பலரும் தவறுவது தேதியில்தான். ஸ்கேன் செய்த நாளையோ, டாக்டர் கையெழுத்திட்ட நாளையோ பெயரில் வைத்துவிடுகிறார்கள். அலுவலகம் தேடுவது விடுப்பு நாட்களை வைத்து; பெயரில் அவைதான் இருக்க வேண்டும். சான்றிதழ் தேதியை மெயிலில் சொன்னால் போதும். நோயின் பெயரைக் கோப்புப் பெயரிலும் பொருள் வரியிலும் எழுதாதீர்கள். உள்ளே திறக்காதவர் கண்ணிலும் படும் இடங்கள் அவை.

சான்றிதழ் இரண்டு பக்கம் என்றால் இரண்டையும் ஒரே பிடிஎஃப்பில் சேருங்கள். தனித்தனிப் படமாக அனுப்பினால் ஒன்று பதிவாகும், இன்னொன்று விடுபடும். மெயிலின் உடலிலேயே படத்தை ஒட்டினால் அது இணைப்பாகத் தெரியாமலே போகலாம். ஐபோன் எடுக்கும் `.heic` படம் பல கணினிகளில் திறக்காது. கடவுச்சொல் போட வேண்டும் என்பது அலுவலக விதியாக இல்லாவிட்டால் போடாதீர்கள். ஆறு மாதம் கழித்துத் திறப்பவரிடம் அது இருக்காது. 200 முதல் 300 டிபிஐ, சாம்பல் நிற ஸ்கேன் போதும். அனுப்புமுன் பெரிதாக்கி முத்திரை, பதிவு எண், தேதிகள் ஆகியவற்றைப் பாருங்கள். முத்திரை வெளிறிப்போயிருந்தால் வண்ணத்தில் எடுங்கள்.

மெயிலின் உடலில் நலம் விசாரிப்பு, வருத்தம் எல்லாம் கீழே போகட்டும். பதிவேட்டில் ஏற்ற வேண்டிய விவரங்கள் மேலே, வரிக்கு ஒன்றாக:

```
பொருள்: மருத்துவச் சான்றிதழ் - 4172 கவிதா - 10-03-2025 முதல் 14-03-2025

பெயர், எண்: கவிதா ர., 4172
பிரிவு: கணக்கு
விடுப்பு: 10-03-2025 முதல் 14-03-2025 வரை, 5 நாள்
சான்றிதழ் தேதி: 10-03-2025
இணைப்பு: 1 கோப்பு, 2 பக்கம்
4172_Kavitha-R_MC_2025-03-10_2025-03-14.pdf
அசல்: பணிக்குத் திரும்பும் நாளில் தருகிறேன்
```

"1 கோப்பு, 2 பக்கம்" என்ற வரி சின்னதுதான், ஆனால் ஒரு பக்கம் விடுபட்டால் பெறுபவருக்கு அன்றே தெரிந்துவிடும். சான்றிதழில் 4 நாள் என்றும் விண்ணப்பத்தில் 5 நாள் என்றும் இருந்தால் அந்த வித்தியாசத்தை நீங்களே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்: "14-ஆம் தேதி தற்செயல் விடுப்பு." சொல்லாவிட்டால் கணக்கு இடிக்கிறது என்று கோப்பு யாருடைய மேசையிலோ நின்றுவிடும்.

விடுப்பு நீண்டால் பழைய மெயிலுக்கே பதில் போடுவது எளிதாகத் தோன்றும். ஆனால் பொருள் வரியில் பழைய தேதிகளே நிற்பதால், புதுச் சான்றிதழைப் பழையதின் நகல் என்று நினைத்து ஒதுக்கிவிடுவார்கள். புது மெயிலாக, புதுத் தேதிகளோடு அனுப்பி, "10 முதல் 14 வரையிலான விடுப்பின் நீட்டிப்பு" என்று உள்ளே எழுதுங்கள். உடற்தகுதிச் சான்றிதழ் வேறு ஆவணம் என்பதால் அதற்குத் தனிக் கோப்பு, பணியில் சேரும் நாளோடு:

```
4172_Kavitha-R_FIT_2025-03-20.pdf
```

தெளிவில்லை என்று திருப்பிக் கேட்டால் அதே பெயரில் மறுபடி அனுப்பாதீர்கள். கடைசியில் `_v2` சேர்த்து, "முன்பு அனுப்பியதற்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ளவும்" என்று மெயிலின் முதல் வரியில் எழுதுங்கள். `final`, `new` என்ற பெயர்கள் வேண்டாம், எது பிந்தியது என்று அவற்றை வைத்துச் சொல்ல முடியாது. உங்கள் அலுவலகமே பெயர் முறை ஒன்று கொடுத்திருந்தால், மேலே சொன்னதை விட்டுவிட்டு அதையே பின்பற்றுங்கள்.